பொருள்: 12 'ஆ' ஆன்லைன் தேர்வு – ஃபயர்பாக்ஸில் மட்டும் போர்ட்டல் உறைந்துபோகிறது (வெள்ளிக்கிழமைத் தேர்வுக்கு முன் பார்க்கவும்)

செந்தில் சார், வணக்கம்.

செவ்வாய்க்கிழமை கம்ப்யூட்டர் லேபில் 12 'ஆ' பிரிவுக்கு நடந்த இயற்பியல் அலகுத் தேர்வில், 38 பேரில் 13 பேருக்குப் போர்ட்டல் பாதியில் உறைந்துவிட்டது. அன்று போனில் சொன்னபோது நெட் ஸ்லோவாக இருந்திருக்கும் என்றீர்கள். நேற்று பள்ளி முடிந்தபின் லேபில் உட்கார்ந்து பார்த்தேன். நெட் காரணமில்லை, சிஸ்டங்களும் காரணமில்லை. ஃபயர்பாக்ஸில் திறந்தால் மட்டும்தான் இது நடக்கிறது.

மற்றதைப் படிக்கும் முன் ஓர் அவசர வேண்டுகோள். செவ்வாய்க்கிழமைத் தேர்வின் பதிவுகளை, அதாவது யார் எப்போது லாகின் செய்தார்கள், எந்த விடை எந்த நேரத்தில் சேவ் ஆனது என்ற விவரத்தை, போர்ட்டலின் அட்மின் பக்கத்திலிருந்து இன்றே எடுத்து வைத்துவிடுங்கள். எனக்கு அந்தப் பக்கம் திறக்காது. அது இல்லாமல் இந்த 13 பேரின் மதிப்பெண்ணை நியாயமாக முடிவு செய்ய வழியில்லை. "மறுதேர்வு" கொடுத்து அழிக்கும் பட்டனைத் தயவுசெய்து யாரும் தொட வேண்டாம்.

நடந்தது இதுதான். 40 ஒரு மதிப்பெண் வினாக்கள், 45 நிமிடம். ஏறக்குறைய பாதி வினாக்களைத் தாண்டும்போது, விடையைத் தேர்ந்தெடுத்து "சேமித்து அடுத்தது" அழுத்தினால் பக்கம் நகரவில்லை. மவுஸ் அம்பு நகர்கிறது, எதைக் கிளிக் செய்தாலும் அசைவில்லை. சிறிது நேரம் கழித்து மேலே இந்த வரி வருகிறது:

```
This page is slowing down Firefox. To speed up your browser, stop this page.
```

Stop அழுத்தினால் பக்கம் வெறுமையாகிவிடுகிறது. டேபை மூடி மறுபடி லாகின் செய்தால்தான் தேர்வு தொடர்கிறது.

இதில் மோசமானது கடிகாரம். திரையிலிருக்கும் நேரம் பக்கத்தோடு சேர்ந்து உறைந்துவிடுகிறது, ஆனால் சர்வரில் நேரம் ஓடிக்கொண்டே இருக்கிறது. 7-ஆம் எண் சிஸ்டத்தில் இருந்த மாணவிக்குத் திரையில் 21 நிமிடம் மீதி என்று நின்றது. அவளும் "தானாகச் சரியாகிவிடும்" என்று பொறுமையாகக் காத்திருந்தாள். மறுபடி லாகின் செய்தபோது 9 நிமிடம்தான் இருந்தது. அத்துடன் 17, 18-ஆம் வினாக்களுக்கு அவள் கொடுத்திருந்த விடைகளும் காணாமல் போயிருந்தன. நன்றாகப் படிக்கிற பிள்ளை, தேர்வு முடிந்து அழுதுகொண்டே போனாள். ஒழுங்காகக் காத்திருந்த பிள்ளைக்குத்தான் இழப்பு அதிகம், சட்டென்று மூடித் திறந்தவர்களுக்குக் குறைவு. எனக்கு இதுதான் உறுத்துகிறது.

பழைய வரிசையில் உள்ள 18 சிஸ்டங்களில் 11 உறைந்தன. புது வரிசையில் 20 பேரில் 18 பேர் குரோமில் எழுதினார்கள், ஒருவருக்கும் பிரச்சினையில்லை. மீதி இரண்டு பேர் ஃபயர்பாக்ஸைத் திறந்திருந்தார்கள், இருவருக்கும் உறைந்தது. சிஸ்டம் பழசு என்பதால்தான் என்று சொல்ல முடியாமல் போனது இந்த இருவரால்தான்.

நேற்று புது வரிசையில் ஒரே சிஸ்டத்தில், ஒரே மாதிரி லாகினில், அதே வினாத்தாளை முதலில் ஃபயர்பாக்ஸிலும் பிறகு குரோமிலும் ஓட்டினேன். முதலாவதில் உறைந்தது, இரண்டாவதில் 40 வினாவும் தடையின்றி ஓடியது. பிரைவேட் விண்டோவில் திறந்தாலும் ஃபயர்பாக்ஸில் அதேதான், ஆகவே ஆட்-ஆன் காரணமாக இருக்க வாய்ப்புக் குறைவு. பழைய வரிசையில் இருப்பது 115 ESR, புது வரிசையில் இருப்பது அண்மைப் பதிப்பு. இரண்டிலும் உறைவதால் பதிப்பு மட்டும் காரணமாகத் தெரியவில்லை.

வினாக்களை மாற்றியும் பார்த்தேன். வெறும் எழுத்து வினாக்கள் மட்டும் உள்ள மாதிரித் தேர்வு கடைசிவரை ஓடியது. வீட்ஸ்டோன் சமனச்சுற்று போன்ற படங்களைச் சேர்த்தபோதும் ஓடியது. சமன்பாடுகள் உள்ள வினாக்களைச் சேர்த்ததும்தான் வேலையைக் காட்டியது. `about:processes` பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு பார்த்தால், ஒவ்வொரு சமன்பாட்டு வினாவைத் தாண்டும்போதும் அந்த டேபின் மெமரி ஏறிக்கொண்டே போகிறது, குறைவதே இல்லை. உறையும் நேரத்தில் 1.5 ஜிபியைத் தாண்டியிருந்தது. பழைய வரிசையில் மொத்த ரேமே 4 ஜிபிதான். குரோமில் அதே வினாத்தாள் 300 எம்பியை ஒட்டியே நிற்கிறது. முந்தைய வினாவின் சமன்பாடுகளைப் போர்ட்டல் மெமரியிலிருந்து விடுவிக்காமல் சேர்த்து வைக்கிறதோ என்பது என் ஊகம். தப்பு பிரவுசரிலா போர்ட்டலிலா என்று தீர்ப்பு சொல்ல வேண்டியவர்கள் போர்ட்டல் நிறுவனத்தார்தான். புகார் பள்ளியின் அட்மின் கணக்கிலிருந்துதான் போக வேண்டுமாம், ஆகவே நீங்கள் அனுப்ப வேண்டும். ஸ்க்ரீன்ஷாட்களை மாணவர் பெயர்களை மறைத்து இணைத்திருக்கிறேன், அப்படியே அனுப்பலாம்.

எல்லாரையும் குரோமுக்கு மாற்றிவிடலாமே என்று தோன்றும். பழைய வரிசையில் அது நடக்காது. அங்கே விண்டோஸ் 7, அதில் குரோம் 109-க்கு மேல் ஏறாது. அந்தப் பதிப்பில் திறந்தால் "பிரவுசரைப் புதுப்பிக்கவும்" என்று சொல்லிப் போர்ட்டல் உள்ளேயே விடுவதில்லை. இதற்காகத்தான் போன வருடம் அங்கே ஃபயர்பாக்ஸ் போட்டோம்.

ஆகவே வெள்ளிக்கிழமை திருப்புதல் தேர்வைப் புது வரிசையில் மட்டும், குரோமில், இரண்டு ஷிஃப்டாக நடத்தலாம் என்று நினைக்கிறேன். முதலில் 20 பேர், பிறகு 18 பேர். துணை முதல்வரிடம் பேசிவிட்டேன், மூன்றாவது, நான்காவது பீரியடைத் தரச் சம்மதித்துவிட்டார். இரண்டாவது ஷிஃப்டுக்கு வேறு வினாத்தாளை நான் ஏற்றிவிடுகிறேன். உங்களிடம் கேட்பது, அன்று காலைக்குள் அந்த 20 சிஸ்டங்களின் டெஸ்க்டாப்பில் குரோம் ஐகானை மட்டும் விட்டுவிட்டு ஃபயர்பாக்ஸ் ஐகானை எடுத்துவிடுங்கள். பிள்ளைகளிடம் வாயால் சொன்னால் எப்படியும் இரண்டு பேர் மாற்றித் திறப்பார்கள். அத்துடன் தேர்வு நேரத்தில் நீங்களோ உங்கள் உதவியாளரோ லேபில் இருந்தால் நல்லது.

வேதியியல், கணிதத் தேர்வுகளும் அடுத்த வாரம் இதே போர்ட்டலில்தான். அவற்றிலும் சமன்பாடுகள் நிறைய வரும், அந்த ஆசிரியர்களுக்கும் இந்த மெயிலின் நகல் போகிறது.

இன்று ஐந்தாவது பீரியட் எனக்கு ஓய்வு. அப்போது லேபுக்கு வந்தால், உறைவதைக் கண்ணெதிரே காட்டிவிடுகிறேன். வர முடியாவிட்டால், பதிவுகளை எடுத்துவிட்டேன் என்று மட்டும் ஒரு வரி பதில் போடுங்கள் சார்.

நன்றி.

கலைவாணி
முதுகலை ஆசிரியர், இயற்பியல்
வகுப்பாசிரியர், 12 'ஆ'