கேள்வி இழுப்பா, செலவுத் தள்ளலா? உயர்தரப் பொருளியல் மீட்டல் குறிப்பு

உவர்மலைக்கும் கிண்ணியாவுக்கும் இடையில் எந்த வகுப்பில் கேட்டாலும் பிள்ளைகள் பணவீக்கத்தின் இந்த இரண்டு வகைகளின் வரைவிலக்கணத்தையும் கடகடவென்று ஒப்புவிப்பார்கள். ஒரு சம்பவத்தைக் கொடுத்து "இது எந்த வகை?" என்று கேட்டால்தான் தடுமாற்றம். அதற்குத்தான் இந்தக் குறிப்பு.

முதலில் ஒன்று. பணவீக்கம் என்பது பொது விலை மட்டம் தொடர்ந்து உயர்வது. மே மாதம் சீசன் தொடங்கியதும் நிலாவெளியில் அறை வாடகை ஏறுகிறது. அது பணவீக்கம் அல்ல. ஒரு பொருளின் விலை, சில மாதங்களுக்கு ஏறி இறங்குவது. இதை உதாரணமாக எழுதிப் புள்ளியை இழக்க வேண்டாம்.

கேள்வி இழுப்புப் பணவீக்கத்தில் மொத்தக் கேள்வி, நாட்டின் உற்பத்தி இயலளவை விட வேகமாகக் கூடுகிறது.

AD = C + I + G + (X − M)

AD என்பது மொத்தக் கேள்வி, C நுகர்வு, I முதலீடு, G அரச செலவு, X − M என்பது ஏற்றுமதியிலிருந்து இறக்குமதியைக் கழித்த தேறிய ஏற்றுமதி. இந்த நான்கில் எது கூடினாலும் AD வளையி வலப்பக்கம் நகரும். வரிக் குறைப்பு, அரச செலவு அதிகரிப்பு, மலிவான கடன், மத்திய வங்கி அரசுக்குக் கடன் கொடுத்துப் பண நிரம்பலைக் கூட்டுவது எல்லாம் இங்கே வரும். விலை ஏறும், கூடவே உற்பத்தியும் வேலைவாய்ப்பும் கூடும். நிறைதொழில் மட்டத்தை நெருங்க நெருங்க உற்பத்தி கூட இடமில்லாமல் விலை மட்டுமே ஏறும்.

செலவுத் தள்ளலில் கேள்வி அப்படியே இருக்கிறது. உற்பத்திச் செலவு ஏறுகிறது. குறுங்கால மொத்த நிரம்பல் வளையி இடப்பக்கம் நகர்கிறது. விலை ஏற, உற்பத்தி குறைகிறது.

2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் ஒரு லீற்றர் 87 ரூபாவிலிருந்து ஒரே இரவில் 340 ரூபா ஆனது. நம் கரையோரத்துச் சின்னப் படகுகளின் எஞ்சின் ஓடுவது மண்ணெண்ணெயில்தான். நான்கு கான் எண்ணெய் அடித்துக் கடலுக்குப் போகிறவர் அன்றைய பிடிபாட்டில் அந்தக் காசை எடுக்க முடியாவிட்டால் படகைக் கரையில் ஏற்றிவிடுவார். மீன் வரத்துக் குறையும், விலை ஏறும். சனத்தின் கையில் காசு கூடியதால் ஏறிய விலை அல்ல இது. இதே நிலை பல துறைகளில் ஒன்றாக நடந்தால் அது செலவுத் தள்ளல். ரூபாவின் பெறுமதி வீழ்ந்து இறக்குமதி மூலப்பொருள் விலை ஏறுவதும் இதே பக்கம்தான். சீனக்குடா மாவாலைக்கு வரும் கோதுமை இறக்குமதி. டொலர் ஏறினால் பாண் விலையும் ஏறும்.

ஆகவே கேள்வித்தாளில் விலையைப் பார்த்து வகை பிரிக்க முடியாது. இரண்டிலும் விலை ஏறத்தான் செய்யும். உற்பத்தியையும் வேலையின்மையையும் பாருங்கள். உற்பத்தி கூடியிருந்தால் கேள்வி இழுப்பு, குறைந்திருந்தால் செலவுத் தள்ளல். விலையும் வேலையின்மையும் சேர்ந்தே ஏறினால் அதைத் தேக்கவீக்கம் என்பார்கள்; 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பின் மேற்கு நாடுகளில் கண்டது அது.

சம்பள உயர்வுதான் குழப்பும் இடம். முதலாளிக்கு அது செலவு, தொழிலாளிக்கு வருமானம். உற்பத்தித்திறனை மீறிய சம்பள உயர்வால் நிறுவனங்கள் விலையைக் கூட்டின என்று வினா சொன்னால் செலவுத் தள்ளல் என்று எழுதுங்கள். கூடிய சம்பளத்தால் நுகர்வு பெருகியது என்றால் கேள்வி இழுப்பு. வினாவின் சொற்களை விட்டு வெளியே போகாதீர்கள்.

சரி, இலங்கையின் 2022 எந்த வகை? கட்டுரை வினாவில் இது அடிக்கடி எட்டிப்பார்க்கக்கூடியது. ஒரே வகை என்று எழுதினால் விடை அரைகுறைதான். 2019 இறுதியில் பெறுமதி சேர் வரி 15 சதவீதத்திலிருந்து 8 ஆகக் குறைந்தது, அடுத்த இரண்டு ஆண்டுகளும் பண நிரம்பல் பெருகியது: இது கேள்விப் பக்கம். 2021இன் இரசாயன உரத் தடை, 2022 மார்ச்சில் ரூபாவின் வீழ்ச்சி, எரிபொருள் விலை: இது செலவுப் பக்கம். கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி 2022 செப்டெம்பரில் பணவீக்கம் 69.8 சதவீதம். அந்த ஆண்டு பொருளாதாரம் 7 சதவீதத்துக்கு மேல் சுருங்கியது. உற்பத்தி சுருங்கியதால், உச்சக்கட்டத்தில் செலவுத் தள்ளலின் கைதான் ஓங்கியிருந்தது என்று நான் எழுதுவேன். காரணம் காட்டினால் நீங்களும் எழுதலாம்.

பரிகாரத்தில்தான் வித்தியாசம் நன்றாகத் தெரியும். கேள்வி இழுப்புக்கு வட்டி வீதத்தையும் வரியையும் கூட்டி, அரச செலவைக் குறைத்தால் AD பின்வாங்கும். செலவுத் தள்ளலுக்கு அதே மருந்தைக் கொடுத்தால் விலை கொஞ்சம் தணியும், ஆனால் ஏற்கெனவே குறைந்த உற்பத்தி இன்னும் குறையும். உள்ளீட்டு வரிக் குறைப்பு, உற்பத்தித்திறன் மேம்பாடு, மாற்றுச் சக்தி போன்ற நிரம்பல் பக்க நடவடிக்கைகள் பொருத்தம். அவை பலன் தர நாளெடுக்கும். அப்படியானால் 2022 ஏப்ரலில் மத்திய வங்கி கொள்கை வட்டி வீதங்களை ஒரேயடியாக 7 சதவீதப் புள்ளிகள் உயர்த்தியது ஏன்? கேள்விப் பக்க அழுத்தம் இன்னும் இருந்தது. விலை மேலும் ஏறும் என்ற எதிர்பார்ப்பு வேரூன்றினால் சம்பளமும் விலையும் ஒன்றையொன்று துரத்தத் தொடங்கும். இந்த இரண்டு காரணங்களையும் வரைபடத்துக்குக் கீழே இரண்டு வரியில் எழுதிவிடுங்கள். அச்சுகளுக்குப் பெயரிட மறந்த வரைபடத்துக்குப் புள்ளி கிடைக்காது.