தரம் 10 மண்டபத் திட்டம்: பெயர், வரிசை, இருக்கைப் பட்டியல்

ரீச்சர்,

தவணைப் பரீட்சைக்கு நீங்கள் கீறித் தந்த திட்டத்தைப் பட்டியலாக்கிவிட்டேன். மேற்பார்வைக்கு ஏறாவூரிலிருந்து வரும் சேருக்கு எங்கட பிள்ளைகளைத் தெரியாது, அதனால் அவர் கையில் இருக்க வேண்டியது பட்டியல்தான்.

கூகுள் ஷீட்ஸில் திட்டத்தை இப்படிப் போட்டிருக்கிறேன். A1 வெறுமை, B1 முதல் E1 வரை இருக்கை எண், A2 முதல் A4 வரை வரிசை எண்:

```
  | 1 | 2 | 3 | 4
3 | ம. ஹஸ்னா | வி. டிலக்சன் |  | ச. நிரோஜினி
2 | த. கிருஷாந்தி | மு. சப்ராஸ் | க. பவிதரன் | ஜெ. அபிஷா
1 | பா. துஷாந் | ந. கிருஷாந்தி | அ. றிஸ்னா | செ. லதுஜன்
```

வரிசை எண் தலைகீழாக இருக்கிறதென்று யோசிக்க வேண்டாம். உங்கள் தாளில் கரும்பலகை கீழே இருந்தது, ஆகவே கீழ் வரிசைதான் 1. இருக்கை 1 வாசல் பக்கம். எண்களைச் சூத்திரம் ஓரத்துத் தலைப்பிலிருந்து எடுப்பதால், தாளை எந்தப் பக்கம் பிடித்துக் கீறினாலும் தலைப்பு சரியாக இருந்தால் போதும்.

G1, H1, I1 இல் பெயர், வரிசை, இருக்கை என்று எழுதி, G2 இல் இதைப் போட்டேன்:

```
=SORT(ARRAYFORMULA(SPLIT(TOCOL(IF(TRIM(B2:E4)="",NA(),B2:E4&"|"&A2:A4&"|"&B1:E1),3),"|")),2,TRUE,3,TRUE)
```

ஒவ்வொரு பெயரோடும் வரிசையையும் இருக்கையையும் கோடு போட்டு ஒட்டி, எல்லாவற்றையும் ஒரே நிரலில் அடுக்கி, பிறகு கோட்டில் வெட்டுகிறது. கடைசியில் வரிசைப்படியும் இருக்கைப்படியும் ஒழுங்குபடுத்துகிறது. வெறும் மேசைக்குத்தான் அந்த NA(). அது இல்லாவிட்டால் பெயர் இல்லாத இடத்தில் வரிசை எண் பெயர் நிரலுக்குள் வந்து குந்திவிடும். TRIM, தெரியாமல் இடைவெளி தட்டுப்பட்ட கட்டத்தையும் வெறுமையாகவே எடுத்துக்கொள்ளும். ஆனால் ‘காலி’ என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், அதையும் ஒரு பிள்ளையாகச் சேர்த்துவிடும்!

வந்த பட்டியல்:

```
பெயர் | வரிசை | இருக்கை
பா. துஷாந் | 1 | 1
ந. கிருஷாந்தி | 1 | 2
அ. றிஸ்னா | 1 | 3
செ. லதுஜன் | 1 | 4
த. கிருஷாந்தி | 2 | 1
மு. சப்ராஸ் | 2 | 2
க. பவிதரன் | 2 | 3
ஜெ. அபிஷா | 2 | 4
ம. ஹஸ்னா | 3 | 1
வி. டிலக்சன் | 3 | 2
ச. நிரோஜினி | 3 | 4
```

பதினொரு பேர், இடாப்போடு சரி. கிருஷாந்தி இரண்டு பேர் இருப்பதால் முதலெழுத்தை விட்டுவிட வேண்டாம்.

யாரையாவது இடம் மாற்றினால் திட்டத்தில் மட்டும் மாற்றுங்கள், பட்டியல் தானாக மாறும். பட்டியலுக்குக் கீழே கையொப்ப இடம் என்று எதையும் தட்டிவிட வேண்டாம்: அது விரியும் கட்டங்களில் ஏதாவது இருந்தால் #REF! என்று நின்றுவிடும். கையொப்பத்துக்கு J நிரலை வைத்துக்கொள்ளுங்கள். வாசலில் ஒட்டும் பிரதிக்குப் பெயர் வரிசை வேண்டுமென்றால், சூத்திரத்தின் கடைசி 2,TRUE,3,TRUE என்பதை 1,TRUE ஆக்கினால் சரி.