கிடைப்பருமையும் வாய்ப்புச் செலவும்: ஒரு மாணவரின் நான்கு மணி நேரம்

பொருளியல் அறிமுகம், முதலாம் பருவ ஒப்படைப்பு

வினா: கிடைப்பருமை, வாய்ப்புச் செலவு ஆகிய இரு கருத்துகளையும் மாணவர்களின் அன்றாடத் தெரிவுகளைக் கொண்டு விளக்குக.

விடை:

கிடைப்பருமை என்பதைப் பற்றாக்குறை என்று புரிந்துகொள்வதே தொடக்கத்தில் பலரும் செய்யும் பிழை. நானும் அதைச் செய்தேன். ஒரு குறிப்பிட்ட விலையில் மக்கள் கேட்கும் அளவுக்குப் பொருள் சந்தையில் இல்லாதபோது ஏற்படுவது பற்றாக்குறை. விலை மாறினாலோ சரக்கு வந்தாலோ அது நீங்கிவிடும். கிடைப்பருமையோ அப்படி நீங்குவதில்லை. நூலகத்தில் நான் தேடும் புத்தகங்கள் அனைத்தும் அடுக்கில் இருந்தாலும், அவற்றைப் படிக்க எனக்குள்ள மாலைப்பொழுது ஒன்றுதான். 1932இல் லயனல் ராபின்ஸ் பொருளியலுக்கு இலக்கணம் வகுத்தபோது, மனிதரின் நோக்கங்களையும், பல வகையில் பயன்படுத்தத்தக்க, கிடைப்பருமையுள்ள வழிவகைகளையும் இணைத்தே அதை விளக்கினார். இதில் 'பல வகையில் பயன்படுத்தத்தக்க' என்ற பகுதியே முக்கியமானது என்று கருதுகிறேன். ஒரே ஒரு பயன் மட்டும் உள்ள பொருளைப் பற்றித் தெரிவு செய்ய எதுவுமில்லை.

தெரிவு செய்யும்போது கைவிடப்படும் வாய்ப்புகளுள் மிகச் சிறந்த ஒன்றின் மதிப்பே வாய்ப்புச் செலவு ஆகும். இக்கருத்தை வளர்த்தெடுத்தவர்களுள் ஆஸ்திரியப் பொருளியலாளர் ஃப்ரீட்ரிஹ் ஃபான் வீசர் முதன்மையானவர். ஒரு மாலையில் விளையாடலாம், உறங்கலாம், பகுதிநேர வேலை செய்யலாம் என்ற நிலையில் நான் படிக்க அமர்ந்தால், அந்த மூன்றையும் கூட்டி என் செலவாகக் கணக்கிடக் கூடாது. மூன்றையும் ஒரே நேரத்தில் நான் செய்திருக்க முடியாது. படிக்காமல் இருந்திருந்தால் அவற்றுள் எதைச் செய்திருப்பேனோ, அது ஒன்றுதான் நான் இழந்தது.

கடந்த மாதம் புள்ளியியலுக்கும் சமூகவியலுக்கும் ஒரே நாளில் தேர்வு வந்தது. முந்தைய இரவு எனக்கு எஞ்சியிருந்தவை நான்கு மணி நேரம். பழைய பயிற்சித் தேர்வுகளை வைத்து நான் மதிப்பிட்டபடி, புள்ளியியலுக்கு 0, 1, 2, 3, 4 மணி நேரம் ஒதுக்கினால் முறையே 38, 50, 59, 65, 68 மதிப்பெண்களும், சமூகவியலுக்கு அதே அளவு ஒதுக்கினால் 45, 55, 62, 66, 68 மதிப்பெண்களும் கிடைக்கக்கூடும். நான்கு மணி நேரத்தையும் சமூகவியலுக்கே கொடுத்துவிட்டதாக வைத்துக்கொண்டு, அங்கிருந்து ஒவ்வொரு மணி நேரமாகப் புள்ளியியலுக்கு மாற்றிப் பார்த்தேன். முதல் மணி நேரத்தில் 12 மதிப்பெண் வருகிறது, 2 போகிறது. இரண்டாவதில் 9 வந்து 4 போகிறது. மூன்றாவதில் 6தான் வருகிறது, போவதோ 7. நான்காவதில் 3க்காக 10ஐ இழக்க நேர்கிறது. கடிகாரத்தில் ஒவ்வொரு மணி நேரமும் ஒரே நீளந்தான் என்றாலும், அதன் வாய்ப்புச் செலவு 2, 4, 7, 10 என்று ஏறிக்கொண்டே போகிறது. ஆகவே, முடிவை 'எந்தப் பாடம் முக்கியம்' என்று மொத்தமாக எடுக்காமல், 'அடுத்த ஒரு மணி நேரத்தை எதற்குக் கொடுப்பது' என்று இறுதிநிலை அளவில் எடுக்க வேண்டியுள்ளது. கூட்டு மதிப்பெண் மட்டுமே நோக்கம் என்றால் பாடத்துக்கு இரண்டு மணி நேரம் என்பதே சிறந்த பங்கீடு. அதில் மொத்தம் 121 வருகிறது.

ஆனால் நான் புள்ளியியலுக்கு மூன்று மணி நேரம் கொடுத்தேன். அடுத்த பருவத்தில் நான் விரும்பும் விருப்பப்பாடத்தில் சேரப் புள்ளியியலில் 60 மதிப்பெண் தேவை. இரண்டு மணி நேரத்தோடு நிறுத்தினால் 59இல் நின்றுவிடும். இழந்த 7 மதிப்பெண்களைவிட அந்த இடம் எனக்குப் பெரிதாகப் பட்டது. அந்த விருப்பப்பாடத்தில் நாட்டமில்லாத என் அறைத்தோழர் இதே எண்களை வைத்து இரண்டு மணி நேரத்தோடு நிறுத்தியிருப்பார். அவரது முடிவும் பிழையாகாது.

அதே வாரத்தில், முன்பே கட்டணம் செலுத்திய ஒரு பயிற்சி வகுப்பும் இருந்தது. போனாலும் போகாவிட்டாலும் அந்தப் பணம் திரும்பாது. அது மூழ்கிய செலவு என்பதால் கணக்கில் சேராது. 'கட்டிய காசு வீணாகிறதே' என்று மனம் அடித்துக்கொண்டாலும், வகுப்புக்குப் போவதன் உண்மையான செலவு அந்த நேரத்தில் நான் படித்திருக்கக்கூடிய பகுதிதான். இதே காரணத்தால், கட்டணமில்லாத வகுப்பும் செலவற்றதாகிவிடாது.

மேற்கண்ட கணக்கில் உறக்கத்தை நான் சேர்க்கவில்லை. ஐந்தாவது மணி நேரம் ஒன்றை உறக்கத்திலிருந்து எடுத்திருந்தால் சமூகவியலில் அந்த 7 மதிப்பெண்களையும் மீட்டிருக்கலாம் என்று அட்டவணை காட்டுகிறது. எனினும் 38, 45 என்று தொடங்கும் அந்த எண்கள் எல்லாமே நன்றாக உறங்கி எழுந்த காலைகளில் எழுதிய பயிற்சித் தேர்வுகளிலிருந்து எடுக்கப்பட்டவை.