பூச்சியம் ஐகன் மதிப்பாகலாம், ஐகன் வெக்டராகக் கூடாது: ஏன் என்று கேட்டுப் பேராசிரியருக்கு ஒரு கடிதம்

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

வணக்கம். நான் இரண்டாம் ஆண்டு கணித மாணவி கயல்விழி. செவ்வாய்க்கிழமை நேரியல் இயற்கணித வகுப்பு முடியும் நேரத்தில், "ஐகன் மதிப்பு பூச்சியமாக இருக்கலாம், ஐகன் வெக்டர் மட்டும் பூச்சியமாக இருக்கவே கூடாது" என்று சொல்லிவிட்டு, கரும்பலகையில் Av = λv என்ற வரையறையை அடுத்து இருந்த v ≠ 0 என்பதன் கீழ் இரண்டு கோடு போட்டீர்கள்; A அணி, λ ஐகன் மதிப்பு, v ஐகன் வெக்டர். ஏன் என்று கேட்க வாயெடுப்பதற்குள் மணி அடித்துவிட்டது. அப்புறம் இரண்டு நாளாக இதையே யோசித்துக்கொண்டிருக்கிறேன். நேரில் வந்தால் பாதியில் தடுமாறுவேன் என்பதால் எழுதிக் கேட்கிறேன்.

போன வாரத் தேர்வில் நான் செய்த இரண்டு தவறுகளிலிருந்துதான் இந்தக் கேள்வி தொடங்கியது. முதல் கணக்கில் A அணியின் முதல் நிரை 1, 2. இரண்டாம் நிரை 2, 4. சிறப்பியல்புச் சமன்பாடு λ² − 5λ = 0 என்று சரியாகத்தான் வந்தது. 0, 5 என்று இரண்டு மூலங்களும் கிடைத்தன. ஆனால் "பூச்சியம் கூடாது" என்று எங்கோ கேட்ட நினைவில் 0-ஐ அடித்துவிட்டு 5-ஐ மட்டும் எழுதினேன். பக்கத்தில் நீங்கள் "0 எங்கே?" என்று எழுதியிருந்தீர்கள்.

இரண்டாவது கணக்கில் B அணியின் நிரைகள் 2, 1 மற்றும் 1, 2. அணிக்கோவையை விரிக்கும்போது கடைசி 1-ஐக் கழிக்க மறந்தேன். அதனால் λ² − 4λ + 3 வர வேண்டிய இடத்தில் λ² − 4λ + 4 வந்தது; λ = 2 என்று முடிவு செய்தேன். B − 2I என்பதன் நிரைகள் 0, 1 மற்றும் 1, 0. அதிலிருந்து y = 0, x = 0. விடை வந்துவிட்டது என்ற நிம்மதியில் (0, 0)-ஐ ஐகன் வெக்டர் என்று எழுதிவிட்டேன். நீங்கள் அதைச் சுற்றி வட்டம் போட்டிருந்தீர்கள்.

வைத்திருக்க வேண்டிய பூச்சியத்தை ஓரிடத்தில் அடித்துவிட்டேன், அடிக்க வேண்டியதை இன்னோரிடத்தில் வைத்துக்கொண்டேன். மதிப்பெண் போனதுகூடப் பெரிதாகத் தெரியவில்லை. இரண்டு இடத்திலும் ஒரே விதியைத்தானே நினைத்தேன், அது எப்படி இரண்டு பக்கமும் தவறானது என்பதுதான் உறுத்தியது.

தாளை வைத்துக்கொண்டு உட்கார்ந்தபோது முதலில் தெரிந்தது, நான் இரண்டு பூச்சியங்களை ஒன்றாக நினைத்திருந்தேன் என்பது. Av = 0v = 0 என்று எழுதும்போது நடுவில் இருப்பது எண், கடைசியில் இருப்பது வெக்டர். நோட்டில் இரண்டையும் ஒரே மாதிரி எழுதுவதால் ஒன்றுக்கான தடை மற்றதன் மேலும் ஒட்டிக்கொண்டது. இப்போது வெக்டர் பூச்சியத்துக்கு மேலே ஒரு சின்ன அம்புக்குறி போடப் பழகிவருகிறேன்.

அடுத்து, பூச்சிய வெக்டரை அனுமதித்தால் என்ன ஆகும் என்று போட்டுப் பார்த்தேன். எந்த அணியை எடுத்தாலும் A0 = 0. வலப்பக்கம் λ எதுவாக இருந்தாலும் λ0 = 0. ஆக 7, −3, √2 என்று எந்த எண்ணைச் சொன்னாலும் அது எல்லா அணிக்கும் ஐகன் மதிப்பாகிவிடும். n வரிசை அணியின் சிறப்பியல்புச் சமன்பாட்டுக்கு n-க்கு மேல் மூலங்கள் இருக்க முடியாது என்று படித்திருக்கிறோம். அந்தச் சமன்பாட்டுக்கே பிறகு வேலை இருக்காது. λ ஒரு ஐகன் மதிப்பு என்பதற்கு v ஒரு சாட்சி என்று வைத்துக்கொண்டால், பூச்சிய வெக்டர் எதைக் கேட்டாலும் ஆமாம் போடும் சாட்சி. என் இரண்டாவது கணக்கில் நடந்ததும் அதுதான். 2 என்பது B-யின் ஐகன் மதிப்பே இல்லை. (0, 0) வந்ததுமே "உன் λ தவறு" என்று தெரிந்துகொண்டு நான் மேலே போய்த் திருத்தியிருக்க வேண்டும். எச்சரிக்கையாக வந்ததை விடையாக எடுத்துக்கொண்டேன்.

பூச்சியம் அல்லாத v என்றால் நிலைமையே வேறு. Av = λv, Av = μv இரண்டும் உண்மையானால் (λ − μ)v = 0; v பூச்சியம் இல்லை என்பதால் λ = μ. ஒரு வெக்டருக்கு ஒரே மதிப்புதான். வெவ்வேறு மதிப்புகளுக்குரிய ஐகன் வெக்டர்கள் நேரியல் சார்பற்றவை என்ற தேற்றமும் இதை நம்பித்தான் நிற்கிறது. பூச்சிய வெக்டர் உள்ள எந்தக் கணமும் நேரியல் சார்புடையதாகிவிடுமே.

சரி, மதிப்பு பூச்சியமாவது? அங்கே எதுவும் கெடவில்லை. முதல் கணக்கின் A-யைத் திரும்பப் போட்டேன். λ = 0-க்கு x + 2y = 0, அதனால் (2, −1) கிடைக்கிறது. பெருக்கினால் 2 − 2 = 0, 4 − 4 = 0. λ = 5-க்கு (1, 2). மதிப்புகளைக் கூட்டினால் 5. மூலைவிட்டத்தில் இருக்கும் 1, 4-இன் கூடுதலும் அதுவே. பெருக்கினால் 0; அணிக்கோவையும் 4 − 4 = 0. நான் 0-ஐ அடித்தபோது இந்த அணிக்கு நேர்மாறு இல்லை என்ற முக்கியமான செய்தியையும் சேர்த்து அடித்துவிட்டேன். Av = 0 என்பதற்கு வெளிப்படையற்ற தீர்வு உண்டா என்று பள்ளியிலிருந்தே கேட்டு வந்த கேள்வியும், 0 ஐகன் மதிப்பா என்ற கேள்வியும் ஒன்றுதான் என்பது அப்போதுதான் உறைத்தது.

இன்னொன்றும் கண்டேன், அம்மா. வகையிடுதலை ஒரு நேரியல் உருமாற்றமாகப் பார்த்தால், f′ = 0·f என்பதை நிறைவு செய்பவை மாறிலிச் சார்புகள். தொகையீடு முடிந்ததும் பழக்கத்தில் நாம் சேர்க்கும் அந்த + c, வகையிடுதலின் பூச்சிய ஐகன் மதிப்புக்குரிய வெளியிலிருந்து வருகிறது. முதலாமாண்டு முழுக்க அந்த c-ஐ எழுதியிருக்கிறேன், இப்படி ஒரு நாளும் நினைத்ததில்லை. அன்று இரவு இதற்காகவே சந்தோஷமாக இருந்தது.

இனி என் சந்தேகங்கள். பூச்சிய வெக்டரை விலக்க, "அதற்குத் திசை இல்லை" என்று காரணம் சொல்வார்கள். இது எனக்கு முழுதாகப் பொருந்தவில்லை. λ = 0 ஆனால் Av-க்கும் திசை இல்லையே! (2, −1) போன வழியே தெரியாமல் ஆதிப்புள்ளியில் போய் விழுகிறது. திசை முக்கியம் என்றால் அதையும் விலக்க வேண்டாமா? நான் கண்ட சமாதானம் இது: v-யின் வழியே ஆதிப்புள்ளியைத் தொட்டுச் செல்லும் கோட்டை A அந்தக் கோட்டுக்குள்ளேயே அனுப்புகிறதா என்பதுதான் கேள்வி. ஆதிப்புள்ளியும் அந்தக் கோட்டின் மேல்தான் இருக்கிறது. அதனால் அங்கே போய் விழுந்தாலும் கோட்டை விட்டு வெளியேறவில்லை. ஆனால் v = 0 என்றால் கேட்பதற்குக் கோடே கிடையாது. திசை போகும் முன் இருக்க வேண்டும், போன பின் இருக்க வேண்டியதில்லை. இப்படிச் சொல்வது சரியா?

இரண்டாவது, நூலகத்தில் இந்தச் சொல்லின் வரலாற்றைத் தேடியபோது வந்தது. ஜெர்மன் மொழியில் 'ஐகன்' என்றால் சொந்த, தனக்கே உரிய என்று பொருள். 1904-ல் ஹில்பர்ட் தொகையீட்டுச் சமன்பாடுகளைப் பற்றி எழுதியபோது இந்தச் சொல்லைப் பயன்படுத்தினார். ஆனால் அவர் λ-வைத் தொகையீட்டின் பக்கம் வைத்தார். நம் குறியீட்டில் சொன்னால் v = λAv. அவருடைய மதிப்பு நம்முடையதன் தலைகீழி. அங்கே λ = 0 போட்டால் உடனே v = 0 வந்துவிடுகிறது; அதனால் பூச்சியம் அங்கே ஐகன் மதிப்பாகவே முடியாது! என் (2, −1)-க்கு அந்த முறையில் மதிப்பே கிடையாது.

இதைப் பார்த்து முதலில் குழம்பினேன். பிறகு தோன்றியதைச் சொல்கிறேன். மதிப்பு பூச்சியமாகலாமா என்பது λ-வை எந்தப் பக்கம் வைக்கிறோம் என்பதைப் பொறுத்தது. வெக்டர் பூச்சியமாகக் கூடாது என்பது எந்தப் பக்கம் வைத்தாலும் மாறவில்லை, ஏனென்றால் 0 = λA0 என்பதும் எல்லா λ-வுக்கும் உண்மைதான். அப்படியானால் வகுப்பில் ஒரே வாக்கியத்தில் வந்த அந்த இரண்டு விதிகளும் ஒரே தரத்தவை அல்ல, ஒன்று நம் தேர்வு, மற்றது தவிர்க்க முடியாதது என்று எடுத்துக்கொள்ளலாமா? இதைத்தான் உங்களிடம் முக்கியமாகக் கேட்க வேண்டும்.

கடைசியாக ஒன்று. ஐகன் வெளியை Av = λv ஆகும் எல்லா v-களின் கணம் என்று வரையறுத்தீர்கள். அதில் பூச்சிய வெக்டர் இருக்கிறது. இல்லாவிட்டால் அது உள்வெளியாகவே இருக்காது. தனியாக வந்தால் விலக்கும் ஒன்றைக் கூட்டத்தோடு வந்தால் சேர்த்துக்கொள்கிறோம். இது எனக்கு இன்னும் கொஞ்சம் இடறுகிறது. வரையறையை மாற்றி, எல்லா λ-வுக்கும் முதலில் அந்த உள்வெளியை எழுதி, அதன் பரிமாணம் குறைந்தது 1 ஆக இருந்தால் மட்டும் λ-வை ஐகன் மதிப்பு என்று சொன்னால் என்ன? B-க்கு λ = 2 எடுத்தால் பரிமாணம் 0, அதனால் தானாக விலகிவிடும். A-க்கு λ = 0 எடுத்தால் பரிமாணம் 1, அது நிற்கும். v ≠ 0 என்று தனியாக எழுதவே வேண்டாம் போலிருக்கிறது. இதில் ஏதாவது ஓட்டை உண்டா, அல்லது இது அதே நிபந்தனைதான் வேறு உருவில் வந்திருக்கிறதா?

இரண்டு கணக்குகளையும் திரும்பப் போட்டு இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். B-க்கு இப்போது 1, 3 என்ற மதிப்புகளும் (1, −1), (1, 1) என்ற வெக்டர்களும் வருகின்றன, பெருக்கிச் சரிபார்த்துவிட்டேன். வெள்ளிக்கிழமை மதியம் எனக்கு வகுப்பு இல்லை. உங்களுக்கு வசதிப்பட்டால் அப்போது வந்து பார்க்கிறேன். நேரம் இல்லையென்றால் கடிதத்தின் ஓரத்திலேயே பதில் எழுதித் தந்தாலும் போதும். அதற்காக வலப்பக்கம் அகலமாக இடம் விட்டிருக்கிறேன்.

தங்கள் மாணவி,
கயல்விழி
இளம் அறிவியல் கணிதம், இரண்டாம் ஆண்டு