பொருள்: முன்கூட்டிக் கட்டிய 4,00,000 ரூபாயை 146 நாள் கழித்து வரவு வைத்ததால் அதிகமாகப் பிடித்த வட்டி ரூ. 14,608-ஐத் திருத்தக் கோரிக்கை

19 ஆகஸ்ட் 2024

பெறுநர்:
கிளை மேலாளர் (நகல்: வீட்டுக் கடன் பிரிவு, வாடிக்கையாளர் குறைதீர் அதிகாரி)

கடன் கணக்கு: 4417 என்று முடியும் வீட்டுக் கடன், மாறும் வட்டி, தற்போது 9%

வணக்கம்.

12 மார்ச் 2024 செவ்வாய்க்கிழமை உங்கள் கிளைக்கு நேரில் வந்து, என் சேமிப்புக் கணக்கிலிருந்து 4,00,000 ரூபாயை இந்தக் கடனின் அசலில் கழிக்கச் சொல்லி விண்ணப்பம் கொடுத்தேன். அன்றைக்கே பணம் என் சேமிப்புக் கணக்கிலிருந்து போய்விட்டது, ஆனால் கடன் கணக்கில் அசல் குறைந்தது 5 ஆகஸ்ட் 2024 அன்றுதான். இடையிலிருந்த 146 நாளும் நான் ஏற்கெனவே கட்டிவிட்ட தொகைக்குச் சேர்த்தே என்னிடம் வட்டி பிடித்திருக்கிறீர்கள். அந்த வட்டியைத் திருப்பி அசலில் கழிக்க வேண்டும். என் கணக்குப்படி 5 ஆகஸ்ட் தவணைக்குப் பிறகு நிலுவை அசல் ரூ. 13,32,506 இருக்க வேண்டும். உங்கள் ஸ்டேட்மென்ட் ரூ. 13,47,114 என்கிறது. வித்தியாசம் ரூ. 14,608. எப்படி வந்தது என்பதை மாதம் மாதமாக இணைப்பில் போட்டிருக்கிறேன்.

12 ஆகஸ்ட் அன்று உங்களிடமிருந்து வந்த மின்னஞ்சலில், "தொகையை எதில் சரிக்கட்ட வேண்டும் என்ற தெளிவான அறிவுறுத்தல் இல்லாததால் அது தனியே வைக்கப்பட்டிருந்தது, கோரிக்கை முழுமையடைந்த தேதியிலிருந்து வரவு வைக்கப்பட்டது" என்று சொல்லியிருந்தீர்கள். இதை என்னால் ஏற்க முடியவில்லை. மார்ச் 12 அன்று நான் கொடுத்தது உங்கள் கிளையில் தந்த படிவம்தான். அதில் "அசலில் கழிக்கவும்" என்ற கட்டத்தையும், "தவணைத் தொகை அப்படியே இருக்கட்டும், காலத்தைக் குறைக்கவும்" என்ற கட்டத்தையும் டிக் செய்து கையெழுத்துப் போட்டிருக்கிறேன். ஒப்புகைச் சீட்டில் கிளையின் வட்ட முத்திரை, தேதி, வாங்கிக்கொண்டவரின் சுருக்கொப்பம் மூன்றும் இருக்கின்றன. முத்திரை ஓரத்தில் கொஞ்சம் மை கலைந்திருக்கிறது, ஆனால் தேதி தெளிவாகவே படிக்க முடிகிறது. படிவத்திலும் ஒப்புகைச் சீட்டிலும் வேறென்ன குறைவாக இருந்தது என்று யாரும் இதுவரை சொல்லவில்லை. குறை இருந்திருந்தால் அன்றைக்கே, அல்லது அந்த வாரத்திலாவது, ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம். அப்படி எந்த அழைப்பும் குறுஞ்செய்தியும் வரவில்லை.

உங்கள் ஸ்டேட்மென்டே இதற்குச் சாட்சி. மார்ச் 12 வரியில் `4,00,000.00 CR UNADJ` என்று இருக்கிறது, அதே வரியின் கடைசிப் பத்தியில் நிலுவை 18,00,000 என்று துளியும் மாறாமல் நிற்கிறது. அதாவது பணம் வந்தது உங்களுக்குத் தெரியும், கடன் கணக்கின் எண்ணுக்கே வந்தது, ஆனால் அசலைத் தொடாமல் ஓரமாக நிறுத்தி வைக்கப்பட்டது. அப்படி நிறுத்தி வைத்திருந்த காலத்துக்கு எனக்கு ஒரு ரூபாய் வட்டியும் வரவில்லை. சேமிப்புக் கணக்கில் விட்டு வைத்திருந்தால் அதற்குரிய வட்டியாவது வந்திருக்கும். பணம் ஐந்து மாதம் வங்கியிடம் இருந்தது, அதே பணத்துக்கு ஐந்து மாதம் கடன் வட்டியும் நான் கட்டினேன்.

ஏன் உடனே கவனிக்கவில்லை என்று கிளையில் கேட்டார்கள், அதற்கும் பதில் சொல்லிவிடுகிறேன். நான் கேட்டது காலக் குறைப்பு, தவணைக் குறைப்பு அல்ல. அதனால் எல்லாம் சரியாக நடந்திருந்தாலும் மாதம் 24,000 ரூபாய்தான் பிடித்திருப்பீர்கள், சரியாக நடக்காதபோதும் அதே 24,000 தான் பிடித்தீர்கள். குறுஞ்செய்தியில் வருவது தவணைத் தொகை மட்டும், அதில் எவ்வளவு வட்டி எவ்வளவு அசல் என்று வருவதில்லை. ஜூன் 8 அன்று வேறு வேலைக்காக ஸ்டேட்மென்ட் எடுத்தபோதுதான் ஜூன் தவணையில் வட்டியே 13,598 என்று பார்த்தேன், 14 லட்சத்துக்கும் குறைவான கடனுக்கு இவ்வளவு வட்டி வராதே என்று சந்தேகம் வந்தது. ஜூன் 10 அன்று நேரில் வந்து சொன்னேன், "சிஸ்டத்தில் அப்டேட் ஆகிவிடும்" என்றார்கள். ஜூன் 24 அன்று மின்னஞ்சல் எழுதினேன். ஜூலை 26 அன்று "சரிசெய்யப்படும்" என்று ஒரு வரிப் பதில் வந்தது. அப்புறம் ஆகஸ்ட் 5 அன்று அசலில் கழித்தீர்கள், ஆனால் அன்றைய தேதிக்கு. மார்ச் 12-க்குப் பின்தேதியிட்டுக் கழித்திருந்தால் இந்தக் கடிதமே தேவைப்பட்டிருக்காது.

இப்போது கணக்கு. நம் கடன் ஒப்பந்தத்தில் வட்டி தினசரி நிலுவையின் மேல், வருடத்துக்கு 365 நாள் என்று இருக்கிறது. 2024 லீப் வருடம் என்பதால் 366-ஆல் வகுப்பீர்களோ என்று உங்கள் ஏப்ரல் வட்டியைச் சோதித்துப் பார்த்தேன்: 18,00,000-க்கு 31 நாள் வட்டி 365-ஆல் வகுத்தால் 13,759, 366-ஆல் வகுத்தால் 13,721. நீங்கள் பிடித்தது 13,759. ஆகவே நானும் 365 தான் எடுத்திருக்கிறேன். முறை உங்களுடையது, வட்டி விகிதம் உங்களுடையது, தவணைத் தேதி உங்களுடையது. நான் மாற்றியது ஒன்றே ஒன்று, 4,00,000 கழிந்த தேதி.

4,00,000-க்கு 9% வீதம் 146 நாள் வட்டி சரியாக 14,400 ரூபாய். "அப்படியானால் 14,400 தானே, 14,608 எங்கிருந்து?" என்று கேட்கக்கூடும். கூடுதல் வட்டியை நான் தனியாகக் கட்டவில்லை, ஒவ்வொரு மாதத் தவணையிலிருந்தும் அசலுக்குப் போக வேண்டிய பங்கைத் தின்றுதான் அது வசூலாகியிருக்கிறது. ஏப்ரலில் 2,367 ரூபாய் அசலுக்குப் போகாமல் வட்டிக்குப் போனது, மே மாதம் அந்த 2,367-க்கும் வட்டி ஓடியது, இப்படியே ஆகஸ்ட் வரை. அந்த வட்டியின் மேல் வட்டிதான் மீதி 208 ரூபாய். எனவே 14,400-ஐ மட்டும் திருப்பிக் கொடுத்து முடித்துவிடலாம் என்ற யோசனை இருந்தால், அது எனக்குச் சம்மதமில்லை.

தொகை சின்னது என்று நினைக்க வேண்டாம். இப்போது திருத்தாவிட்டால் இந்த 14,608 என் அசலில் உட்கார்ந்து நாளொன்றுக்கு 3 ரூபாய் 60 காசு வட்டி ஏற்றிக்கொண்டே இருக்கும். இதே 9% வட்டியும் இதே தவணையும் தொடர்ந்தால் கடன் முடிய இன்னும் சுமார் 72 மாதம் ஆகும், அதற்குள் இது ஏறத்தாழ 25,000 ரூபாயாக வளர்ந்திருக்கும். ஒரு முழுத் தவணைக்கும் மேல். காலத்தைக் குறைக்கத்தான் பல வருடச் சேமிப்பை எடுத்துக் கட்டினேன், அதில் ஒரு மாதம் இப்படிப் போவதை என்னால் விட்டுவிட முடியாது.

நான் கேட்பது இவை. 4,00,000 ரூபாயை 12 மார்ச் 2024 தேதியிட்டு வரவு வைத்து, ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை ஐந்து தவணைகளையும் மறுபடி கணக்கிட வேண்டும், நிலுவை அசலை 5 ஆகஸ்ட் நிலவரப்படி ரூ. 13,32,506 ஆக்க வேண்டும். செப்டம்பர் 5 தவணைக்கு முன்பே இது நடந்தால் மறுபடியும் திருத்த வேண்டிய வேலை உங்களுக்கும் இருக்காது. திருத்திய பிறகு புதிய தவணை அட்டவணையும், இந்த நிதியாண்டின் வட்டிச் சான்றிதழில் சரியான வட்டித் தொகையும் வேண்டும், ஏனென்றால் வருமான வரிக் கணக்கில் நான் அதைத்தான் காட்டப் போகிறேன். 14,608-ஐ என் சேமிப்புக் கணக்கில் போடுவதாகச் சொன்னால் வேண்டாம், அசலில்தான் கழிய வேண்டும்.

என் கணக்கில் தவறு இருந்தால் எந்த மாதம், எந்த வரி என்று குறிப்பிட்டு எழுதுங்கள், பார்த்துத் திருத்திக்கொள்கிறேன். "சிஸ்டம் கணக்கிட்டது சரி" என்ற பொதுவான பதில் மட்டும் வேண்டாம். இந்தக் கடிதத்தை எழுத்துப்பூர்வமான புகாராகப் பதிவு செய்து புகார் எண் கொடுங்கள். 30 நாளுக்குள் பதில் வராவிட்டாலோ கோரிக்கை மறுக்கப்பட்டாலோ, ரிசர்வ் வங்கியின் ஒருங்கிணைந்த குறைதீர்ப்பாளர் திட்டம் 2021-ன் கீழ் இதே ஆவணங்களோடு புகார் கொடுப்பேன். அதுவரை தவணைகளைத் தவறாமல் கட்டுவேன், ஆனால் அப்படிக் கட்டுவதால் உங்கள் நிலுவைத் தொகையை நான் ஒப்புக்கொண்டதாகக் கொள்ளக் கூடாது.

இப்படிக்கு,
4417 என்று முடியும் கடன் கணக்கின் முதல் கடன்தாரர்

உடன் வைத்திருப்பவை: மார்ச் 12 படிவத்தின் நகல், ஒப்புகைச் சீட்டு, சேமிப்புக் கணக்குப் பாஸ்புக்கில் அன்றைய பக்கம், மார்ச் முதல் ஆகஸ்ட் வரையான கடன் ஸ்டேட்மென்ட், ஜூன் 24, ஜூலை 26, ஆகஸ்ட் 12 மின்னஞ்சல்கள், கீழே உள்ள கணக்கு.

இணைப்பு: என் மறுகணக்கு

5 மார்ச் 2024 தவணைக்குப் பிறகு நிலுவை அசல் ரூ. 18,00,000. வட்டி 9%. மாதத் தவணை ரூ. 24,000. ஒவ்வொரு மாத வட்டியும் முழு ரூபாய்க்குச் சுருக்கப்பட்டது.

```
வட்டி = அசல் × 9/100 × நாட்கள் / 365
```

வங்கி ஸ்டேட்மென்ட்படி:

| தவணைத் தேதி | நாட்கள் | வட்டி | அசலுக்கு | நிலுவை அசல் |
|---|---|---|---|---|
| 5 ஏப்ரல் | 31 | 13,759 | 10,241 | 17,89,759 |
| 5 மே | 30 | 13,239 | 10,761 | 17,78,998 |
| 5 ஜூன் | 31 | 13,598 | 10,402 | 17,68,596 |
| 5 ஜூலை | 30 | 13,083 | 10,917 | 17,57,679 |
| 5 ஆகஸ்ட் | 31 | 13,435 | 10,565 | 17,47,114 |

ஐந்து மாத வட்டி ரூ. 67,114. ஆகஸ்ட் 5 அன்று 4,00,000 கழித்த பிறகு நிலுவை ரூ. 13,47,114.

மார்ச் 12 அன்றே 4,00,000 கழிந்திருந்தால்:

ஏப்ரல் வட்டி மட்டும் இரண்டு துண்டு. மார்ச் 5 முதல் 12 வரை 7 நாள் 18,00,000-க்கு ரூ. 3,107, மார்ச் 12 முதல் ஏப்ரல் 5 வரை 24 நாள் 14,00,000-க்கு ரூ. 8,285, மொத்தம் ரூ. 11,392.

| தவணைத் தேதி | வட்டி | அசலுக்கு | நிலுவை அசல் | அதிகமாகப் பிடித்த வட்டி |
|---|---|---|---|---|
| 5 ஏப்ரல் | 11,392 | 12,608 | 13,87,392 | 2,367 |
| 5 மே | 10,263 | 13,737 | 13,73,655 | 2,976 |
| 5 ஜூன் | 10,500 | 13,500 | 13,60,155 | 3,098 |
| 5 ஜூலை | 10,061 | 13,939 | 13,46,216 | 3,022 |
| 5 ஆகஸ்ட் | 10,290 | 13,710 | 13,32,506 | 3,145 |

ஐந்து மாத வட்டி ரூ. 52,506. அதிகமாகப் பிடித்தது 67,114 − 52,506 = ரூ. 14,608. நிலுவை அசலில் உள்ள வித்தியாசமும் 13,47,114 − 13,32,506 = ரூ. 14,608.