ஆடிப்பட்டத்துக்கு 40 வீடுகளுக்கு நாட்டு விதை: குலுக்கலும் செடிக் கதைப் போட்டியும்

ஆடிப்பட்டம் தேடி விதை என்பார்கள். இந்த வருடம் ஆடி முதல் தேதி ஜூலை 17, வெள்ளிக்கிழமை. அதற்குள் உங்கள் கையில் விதை இருக்க வேண்டும் என்ற கணக்கில்தான் கீழே உள்ள தேதிகளை வைத்திருக்கிறேன்.

திருச்சியில் எங்கள் மாடியில் காய்த்து, நானே எடுத்து, சாம்பல் கலந்து காயவைத்த விதைகள் இவை. நான் விதை விற்பவன் அல்ல. இந்தப் பக்கத்தில் விளம்பரமும் கிடையாது. விதை, உறை, தபால் செலவு எல்லாம் என்னுடையது. கலந்துகொள்வதற்கும் பரிசு பெறுவதற்கும் நீங்கள் ஒரு ரூபாய்கூடச் செலவழிக்க வேண்டாம்.

என்ன கிடைக்கும்

குலுக்கலில் 40 பேருக்கு ஆளுக்கு ஒரு விதைக்கட்டு. ஒவ்வொரு கட்டிலும் சிவப்பு வெண்டை 20 விதை, மூக்குத்தி அவரை 8, சிறகு அவரை 8, மிதி பாகல் 10, முள் கத்தரி 40 இருக்கும்.

வாங்கிய பிறகு ஏமாந்தோம் என்று யாரும் நினைக்கக் கூடாது என்பதால் சிலவற்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். சிவப்பு வெண்டைக்குப் பக்கத்தில் பச்சை வெண்டையும் நின்றது. தேனீ இரண்டுக்கும் போயிருக்கும், அதனால் சில செடிகளில் காய் பச்சையாகவோ இரண்டு நிறமும் கலந்தோ வரலாம். சிறகு அவரை பகல் நேரம் குறையும்போதுதான் பூக்கும். ஆடியில் போட்டால் ஐப்பசி வரை வெறும் கொடியாகவே படர்ந்து உங்கள் பொறுமையைச் சோதிக்கும், பிடுங்கிவிடாதீர்கள். ஈரத்துணியில் முடிந்து முளைப்பு பார்த்தேன். வெண்டையில் 20-க்கு 17 முளைத்தன, கத்தரியில் 20-க்கு 13. உங்கள் வீட்டிலும் அதே கணக்கு வரும் என்று உறுதி தர முடியாது.

செடிக் கதைப் போட்டி தனி. அதில் மூன்று பேருக்குப் பரிசு. முதல், இரண்டாம் என்ற பிரிவு இல்லை. மூவருக்கும் ஒரே பரிசுதான். ஆளுக்கு 5 லிட்டர் பூவாளி ஒன்று, களைக்கொத்து ஒன்று, மேலே சொன்ன விதைக்கட்டு ஒன்று. இந்த மூன்று கட்டுகளும் குலுக்கலுக்கு உரிய 40-ல் சேராது. பரிசுக்குப் பதிலாகப் பணம் தர இயலாது.

குலுக்கலில் சேர

இந்தப் பதிவுக்குக் கீழே “விதை வேண்டும்” என்றும் உங்கள் ஊர்ப் பெயரும் எழுதுங்கள். அவ்வளவுதான். கடைசி நேரம் ஜூன் 28, ஞாயிறு, இரவு 9 மணி. நீட்டிக்க மாட்டேன்.

பக்கத்தைப் பின்தொடர வேண்டியதில்லை. விருப்பக்குறி போட வேண்டாம். நண்பர்கள் மூன்று பேரைச் சேர்த்துவிட வேண்டாம். பகிர்ந்தால் கூடுதல் வாய்ப்பு என்பதும் இல்லை. உங்கள் பக்கத்தில் பகிர்வதைப் போட்டிக்கான நிபந்தனையாக வைக்கக் கூடாது என்று ஃபேஸ்புக்கின் விதியே சொல்கிறது. விதி இல்லாவிட்டாலும் வைத்திருக்க மாட்டேன். விதை வேண்டும் என்று வந்தவரை ஆள்பிடிக்க அனுப்புவது எனக்குப் பிடிக்கவில்லை.

ஒருவருக்கு ஒரு பதிவு, ஒரு வீட்டுக்கு ஒரு கட்டு. தவறுதலாக இரண்டு முறை எழுதினால் முதலாவது மட்டும் கணக்கு. அதற்காக யாரையும் நீக்க மாட்டேன். 18 வயது நிறையாதவர்களுக்காகப் பெற்றோர் எழுதலாம். மொட்டை மாடி இருக்க வேண்டும் என்பதில்லை, சன்னலோரம் ஒரு தொட்டி வைக்க இடமிருந்தால் போதும். முகவரி மட்டும் இந்தியாவுக்குள் இருக்க வேண்டும். வெளிநாட்டுக்கு விதை அனுப்பத் தாவர நலச் சான்றிதழ் தேவை, இத்தனை சின்னக் கட்டுக்கு அதை எடுக்க என்னால் முடியாது. இலங்கையிலும் மலேசியாவிலும் இருந்து போன வருடம் கேட்டவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் குடும்பத்தார், உறவினர்கள், இந்தக் குலுக்கலுக்குக் கைகொடுக்கும் இரண்டு நண்பர்கள், கதை நடுவர்கள், இவர்கள் எல்லோருடைய வீட்டாரும் இரண்டிலும் கலந்துகொள்ள முடியாது. போன வருடம் விதை பெற்ற 25 பேருக்குக் குலுக்கல் இல்லை, கதைப் போட்டியில் எழுதலாம்.

எப்படித் தேர்ந்தெடுப்பேன்

போன வருடம் நான் செய்த தவறைச் சொன்னால்தான் இந்தப் பகுதி இவ்வளவு நீளம் ஏன் என்று புரியும். 312 பேர் கேட்டிருந்தார்கள். இரவு வீட்டில் தனியாக உட்கார்ந்து, ஃபோனில் எண் எடுக்கும் செயலியை வைத்து 25 பேரைத் தேர்ந்தெடுத்து, காலையில் பெயர்களைப் போட்டேன். அதில் இரண்டு பேர் எனக்குச் சொந்தக்காரர்கள். எண் தானாகத்தான் விழுந்தது. ஆனால் ஒரு வாசகி, “நீங்கள் எடுத்ததை யார் பார்த்தார்கள்?” என்று கேட்டபோது காட்டுவதற்கு என்னிடம் எதுவும் இல்லை. அவர் கேட்டது நியாயம். அந்தக் கேள்வி ஒரு வருடமாக மனதில் கிடக்கிறது.

இந்த முறை பானை. உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில், முதலாம் பராந்தக சோழன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டு இருக்கிறது. அதில் வழிமுறையை எவ்வளவு கவனமாக எழுதிவைத்திருக்கிறார்கள் பாருங்கள்: ஊர் கூடியிருக்கும்போது எல்லோரும் காணும்படி குடத்தைத் தூக்கிக் காட்ட வேண்டும். உள்ளே இருப்பது என்னவென்று அறியாத ஒரு சிறுவன் ஓலையை எடுக்க வேண்டும். அதை வாங்குபவர் ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில் வாங்க வேண்டும். பிறகு அவர் வாசிக்க, மற்றவர்களும் வாசிக்க வேண்டும். ஆயிரத்து நூறு வருடத்துக்கு முன்பே, கைக்குள் வேறொரு ஓலையை மறைத்து வைக்கலாம் என்று யோசித்து அதற்கும் வழி அடைத்திருக்கிறார்கள்.

அதையே செய்யப்போகிறேன். ஜூன் 29, திங்கள் மாலை எல்லோர் பெயருக்கும் வரிசை எண் கொடுத்து முழுப் பட்டியலை இங்கே போடுவேன். பெயர் விடுபட்டிருந்தால், இரண்டு முறை வந்திருந்தால், என் உறவினர் யாராவது நுழைந்திருந்தால் ஜூலை 3, வெள்ளி இரவு 9 மணிக்குள் சொல்லுங்கள். திருத்தியதைத் தேதியோடு குறிப்பிடுவேன். அதன் பிறகு பட்டியல் மாறாது.

ஜூலை 5, ஞாயிறு, காலை 10 மணிக்கு நேரலை. ஒரே அளவில் வெட்டி ஒரே மாதிரி மடித்த சீட்டுகளை வரிசை எண்படி உங்கள் கண் முன்னால் எண்ணிப் போடுவோம். அதற்கு முன் வெறும் பானையைக் கவிழ்த்துக் காட்டுவோம். எதிர்வீட்டுக் குழந்தை ஒன்று எடுக்கும். அதன் அம்மாவிடம் கேட்டுவிட்டேன். முகம் தெரியாது, கை மட்டும் தெரியும். வாங்கும் நண்பர் விரித்த கையில் வாங்கி வாசிப்பார், இன்னொருவர் சரிபார்ப்பார். நான் பானைப் பக்கம் போக மாட்டேன். முதல் 40 சீட்டு பரிசுக்கு, அடுத்த 10 சீட்டு காத்திருப்போர் வரிசைக்கு.

போன வருட அளவுக்கே ஆள் வந்தால் ஏறக்குறைய எட்டுப் பேரில் ஒருவருக்குக் கிடைக்கும். கூட்டம் கூடினால் வாய்ப்பு அந்த அளவுக்குக் குறையும். 40 பேருக்குக் குறைவாக வந்தால் குலுக்கலே இல்லை, எல்லோருக்கும் உண்டு. மின்சாரமோ இணையமோ போனால் இரண்டாவது ஃபோனில் ஓடும் பதிவை வெட்டாமல் அன்றே ஏற்றுவேன். குலுக்கலே நடத்த முடியாமல் போனால் ஜூலை 12, அதே நேரம், அதே பட்டியல். முகவரி, தபால் தேதிகள் மட்டும் ஒரு வாரம் தள்ளிப்போகும்.

செடிக் கதைப் போட்டி

உங்கள் வீட்டில் வளர்ந்த, அல்லது வளராமல் போன, ஒரே ஒரு செடியைப் பற்றி 150 முதல் 300 சொற்களுக்குள் தமிழில் எழுதுங்கள். பேச்சுத் தமிழிலும் எழுதலாம். எழுத்துப் பிழைக்கு மதிப்பெண் குறையாது. படம் தேவையில்லை. இந்தப் பக்கத்துக்கு மெசஞ்சரில் “செடிக் கதை” என்ற தலைப்போடு ஜூன் 28 இரவு 9 மணிக்குள் அனுப்ப வேண்டும். நீங்களே எழுதியதாக, வேறெங்கும் வெளியாகாததாக இருக்க வேண்டும். உலகில் எங்கிருந்தும் எழுதலாம். பரிசை மட்டும் நீங்கள் சொல்லும் இந்திய முகவரி ஒன்றுக்கு அனுப்புவேன்.

நடுவர்கள் இருவர். ஒருவர் ஓய்வுபெற்ற தமிழாசிரியை, இன்னொருவர் இருபது வருடமாக நாற்றங்கால் வைத்திருக்கும் பெண். பேசி வைத்துக்கொள்ள யாரும் தேடிப் போகாமலிருக்க, அவர்கள் பெயரை முடிவோடு சேர்த்தே வெளியிடுவேன். கதைகளில் இருக்கும் பெயரை எடுத்துவிட்டு எண் மட்டும் போட்டு அவர்களிடம் கொடுப்பேன். சொந்தமாகக் கவனித்து எழுதியதற்கு 10, படிப்பவருக்குப் பயன்படுவதற்கு 5, தெளிவுக்கு 5 என்று ஆளுக்கு 20 மதிப்பெண். சமமாக வந்தால் “சொந்தமாகக் கவனித்தது” என்ற பிரிவில் அதிகம் பெற்றவருக்கு. அதிலும் சமம் என்றால் இருவருக்கும் பரிசு, கூடுதல் பூவாளியை நான் வாங்கிக்கொள்வேன். விருப்பக்குறி எண்ணிக்கைக்கு இதில் வேலையில்லை.

கதை உங்களுடையதே. உங்களிடம் கேட்டு, சரி என்றால் மட்டுமே இங்கே வெளியிடுவேன். வேண்டாம் என்றாலும் பரிசு உண்டு. முடிவு ஜூலை 12, ஞாயிறு மாலை. பரிசு பெற்ற மூன்று கதைகளின் மதிப்பெண்ணும் அதோடு வரும். உங்கள் கதைக்கு என்ன மதிப்பெண் என்று நீங்கள் கேட்டால் சொல்வேன்.

கிடைத்த பிறகு

குலுக்கலில் வந்தவர்கள் பெயரும் ஊரும் அன்றே இந்தப் பதிவின் மேலேயே இருக்கும். பரிசுத் திட்டம் நடத்திவிட்டு முடிவை மறைப்பது நேர்மையற்ற வணிக நடைமுறை என்று 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வியாபாரிகளுக்குச் சொல்கிறது. வியாபாரம் செய்யாத எனக்கும் அது சரியென்றே படுகிறது.

தேர்வானவர்கள் ஜூலை 12 இரவு 9 மணிக்குள் மெசஞ்சரில் முகவரி அனுப்ப வேண்டும். வராவிட்டால் அந்தக் கட்டு காத்திருப்போர் வரிசைப்படி அடுத்தவருக்குப் போகும். அவருக்கு மூன்று நாள் அவகாசம். கதைக்குப் பரிசு பெறுபவர்களுக்கும் அதே மூன்று நாள். விதைக்கட்டுகள் ஜூலை 14 அன்று ஸ்பீடு போஸ்டில் கிளம்பும், காத்திருப்போருக்கும் கதைப் பரிசுகளும் ஜூலை 18 அன்று. தபாலில் தொலைந்தால் கையில் விதை இருக்கும்வரை மறுபடி அனுப்புவேன். உறை வந்து சேர்ந்தது என்று நீங்கள் சொன்னதும் முகவரியை அழித்துவிடுவேன்.

ஒரு முக்கியமான எச்சரிக்கை. போன வருடம் இந்தப் பக்கத்தின் படத்தைத் திருடிப் போலிப் பக்கம் தொடங்கி, “பரிசு விழுந்திருக்கிறது, கூரியருக்கு 99 ரூபாய் அனுப்புங்கள்” என்று சிலருக்குச் செய்தி போயிருக்கிறது. ஓர் அம்மா பணம் அனுப்பியும்விட்டார். நான் பணமோ, ஓடிபியோ, வங்கி விவரமோ கேட்க மாட்டேன், எந்த இணைப்பையும் அழுத்தச் சொல்ல மாட்டேன். அப்படி யாராவது கேட்டால் பதில் போடாதீர்கள். பணம் போய்விட்டிருந்தால் உடனே 1930 என்ற எண்ணுக்கு அழைத்துப் புகார் கொடுங்கள்.

இந்தக் குலுக்கலுக்கும் போட்டிக்கும் ஃபேஸ்புக் நிறுவனம் பொறுப்பல்ல. அவர்கள் நடத்துவதும் இல்லை, ஆதரிப்பதும் இல்லை. முழுப் பொறுப்பும் என்னுடையது. மேலே உள்ள விதிகளில் எது புரியவில்லை என்றாலும் கீழேயே கேளுங்கள். எல்லோருக்கும் தெரியும்படி அங்கேயே பதில் சொல்கிறேன், தனியாக ஒருவருக்கு மட்டும் சொல்ல மாட்டேன்.