பரிந்துரைக் கடிதம்: உணவின்போது புரையேறுதல்

நாள்: 18.03.2025
அனுப்புநர்: உணவியல் நிபுணர், வெளிநோயாளிகள் பிரிவு
பெறுநர்: பேச்சு மற்றும் விழுங்கல் சிகிச்சை நிபுணர், மறுவாழ்வுப் பிரிவு
நோயாளி: திரு. மா. சுப்பையா, வயது 67, பதிவு எண் 25/4178
அவசர நிலை: இரண்டு நாட்களுக்குள் பார்க்க வேண்டுகிறேன்

மதிப்பிற்குரிய அம்மா,

வணக்கம். சர்க்கரை நோய்க்கான உணவு ஆலோசனைக்கு என்று இவரை இன்று காலை என்னிடம் அனுப்பியிருந்தார்கள். பத்து நிமிடம் பேசியதிலேயே, சர்க்கரையைவிட விழுங்குவதுதான் முதலில் கவனிக்க வேண்டியது என்று தெரிந்தது. விழுங்கல் மதிப்பீடு செய்து, எந்தப் பதத்தில் உணவும் நீரும் கொடுக்கலாம் என்று நீங்கள் சொல்ல வேண்டும். அது தெரியாமல் உணவுத் திட்டம் எழுத எனக்குத் துணிவில்லை.

இவருக்கு 02.02.2025 அன்று மூளையின் வலப்பக்கத்தில் இரத்த ஓட்டம் தடைப்பட்டுப் பக்கவாதம் ஏற்பட்டது. இடது கையும் காலும் பலவீனமாக உள்ளன, வாயும் இடப்புறம் சற்றுத் தொங்கியிருக்கிறது. வேறொரு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு எட்டு நாள் மூக்குக் குழாய் வழியாக உணவு பெற்றிருக்கிறார். குழாயை எடுத்த பிறகு 14.02.2025 அன்று வீடு திரும்பினார். குடும்பத்தார் காட்டிய விடுவிப்புக் குறிப்பில் விழுங்கல் மதிப்பீடு பற்றி எதுவும் இல்லை. 'மென்மையான உணவு' என்ற இரண்டு சொற்கள் மட்டுமே இருந்தன. சர்க்கரை நோய் 12 ஆண்டுகளாகவும் இரத்த அழுத்தம் அதற்கும் முன்பிருந்தும் உண்டு. மெட்ஃபார்மின், கிளிமெபிரைடு, எனலாப்ரில் ஆகியவற்றுடன் பக்கவாதத்துக்கான மாத்திரைகளும் சாப்பிடுகிறார். எனலாப்ரில் சிலருக்கு வறட்டு இருமல் தரும் என்பதால் அதையும் கேட்டுப் பார்த்தேன். இரவிலும், உணவு இல்லாத வேளைகளிலும் இவருக்கு இருமல் இல்லை. சாப்பிடும்போதும் குடிக்கும்போதும் மட்டுமே வருகிறது.

வீடு திரும்பிய மூன்றாம் நாளிலிருந்தே ஒவ்வொரு வேளையும் புரையேறுகிறது. மனைவி அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வெளியூரில் இருக்கும் மகள் நினைக்கிறாள் என்று சொல்லி உச்சந்தலையில் தட்டிவிட்டிருக்கிறார். அவரைக் குறை சொல்லவில்லை. நம் வீடுகள் எல்லாவற்றிலும் நடப்பதுதான். ஆனால் அதனால் ஒரு மாதம் போய்விட்டது. இடையில் இரண்டு முறை காய்ச்சலும் சளியும் வந்து, ஊர் மருத்துவரிடம் மாத்திரை வாங்கியிருக்கிறார்கள். நெஞ்சுப் படம் எடுக்கவில்லை. எங்கள் பொது மருத்துவரிடம் சொல்லி இன்று எடுக்கச் செய்திருக்கிறேன், முடிவு மாலையில் வரும்.

அவர்கள் டிபன் பாக்ஸில் இட்லியும் சாம்பாரும் கொண்டுவந்திருந்ததால், எதிரிலேயே அமர்ந்து 25 நிமிடம் கவனித்தேன். பார்த்தவை இவை.

இடது கன்னத்துக்குள் இட்லி தங்கிவிடுகிறது, அவருக்கு அது தெரியவே இல்லை. தட்டின் இடப்பாதியையும் தொடாமல் விட்டுவிடுகிறார். வலக்கை நன்றாக இயங்குவதால் பழைய பழக்கப்படி பெரிய கவளமாக எடுத்து, முதல் கவளம் இறங்கும் முன்பே அடுத்ததை வாயில் வைக்கிறார். ஸ்பூன் கொடுத்தால் முகம் மாறிவிடுகிறது. சாம்பாரில் ஊறிய இட்லிக்கு நான்கு முறை இருமினார். நீர் தனியாகவும் துண்டு தனியாகவும் ஓடும் உணவுகள் எல்லாமே இப்படித்தான் என்று வீட்டாரும் சொல்கிறார்கள். ரசம் சாதம் எளிதில் இறங்கும் என்று நினைத்து, மனைவி அதை நாளுக்கு நாள் இன்னும் நீர்க்கக் கரைத்துக் கொடுத்திருக்கிறார். கெட்டித் தயிரும் நன்றாக மசித்த பருப்பு சாதமும் ஓரளவு சிரமமின்றி இறங்குகின்றன.

தண்ணீரை எப்படிக் குடிக்கிறார் என்று கேட்டேன். சொம்பை உயர்த்தி, அண்ணாந்து, உதடு படாமல் ஊற்றிக்கொண்டார். உடனே நிறுத்தினேன். தலை பின்னால் சாயும்போது நீர் தொண்டைக்குள் தானாக ஓடிவிடுகிறது, மூச்சுக்குழல் மூடிக்கொள்ள நேரமே இல்லை. பிறகு நிமிர்ந்து உட்காரவைத்து, டம்ளரில் மூன்று சிறு மடக்கு மட்டும் கொடுத்தேன். முதல் இரண்டுக்கும் இருமினார். மூன்றாவதற்கு இருமவில்லை, ஆனால் அதன் பிறகு குரல் ஈரமாக, களகளவென்று ஒலித்தது. செருமச் சொன்னபோது ஒலி வலுவில்லாமல் இருந்தது. இருமிய இரண்டு மடக்குகளைவிட இருமாத மூன்றாவது மடக்குதான் எனக்கு அச்சம் தருகிறது. சத்தமில்லாமல் நுரையீரலுக்குள் இறங்குகிறதா என்பதை என்னால் கண்டறிய முடியாது. அகநோக்கி அல்லது எக்ஸ்ரே வழியான விழுங்கல் சோதனை தேவையா என்பதை நீங்கள் தீர்மானியுங்கள்.

ஊட்டச்சத்து நிலை: உயரம் 165 செ.மீ. வீடு திரும்பிய அன்று எடை 61 கிலோ, இன்று 55.5 கிலோ. 32 நாட்களில் 9 விழுக்காடு இழப்பு. நேற்றைய உணவைக் கேட்டுக் கணக்கிட்டதில் சுமார் 900 கிலோகலோரியும் 28 கிராம் புரதமும் வருகின்றன. இவருக்குத் தேவை ஏறத்தாழ 1,650 கிலோகலோரி, 65 கிராம் புரதம். ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு 50 நிமிடம் ஆகிறது, பாதியில் களைத்து எழுந்துவிடுகிறார். புரையேறும் பயத்தில் தண்ணீரைக் குறைத்துக்கொண்டதால் நாளொன்றுக்கு 700 மி.லி. அளவே உள்ளே போகிறது. சிறுநீர் அடர் மஞ்சள், மலச்சிக்கலும் உண்டு. உணவு குறைந்தும் கிளிமெபிரைடு பழைய அளவிலேயே தொடர்வதால், இன்று வெறும் வயிற்றில் சர்க்கரை 68 ஆக இருந்தது. மருத்துவரிடம் உடனே தெரிவித்துவிட்டேன், அளவை மாற்றுகிறார். மெட்ஃபார்மின் மெதுவாகக் கரையும் வகை. அதைப் பொடித்துக் கொடுக்கக் கூடாது என்பதால் மாற்று வடிவம் கேட்டிருக்கிறேன்.

நீங்கள் பார்க்கும் வரை நான் சொல்லி அனுப்பியவை: சாய்வு நாற்காலி வேண்டாம், நேராக நிமிர்ந்து உட்கார்ந்து சாப்பிட வேண்டும், முடித்த பின்பும் அரைமணி நேரம் படுக்கக் கூடாது. அண்ணாந்து குடிக்கக் கூடாது. ரசம் சாதம், அவல், பொரி, முறுக்கு, உதிரிப் புட்டு நிறுத்தம். சிறு ஸ்பூனில் ஒவ்வொரு வாயாக, முந்தையது இறங்கிய பிறகே அடுத்தது. முடித்ததும் இடது கன்னத்தைத் துடைத்து வாயைச் சுத்தம் செய்ய வேண்டும். காய்ச்சலோ மூச்சுத்திணறலோ வந்தால் காத்திராமல் அவசரப் பிரிவுக்கு வரவும் சொல்லியிருக்கிறேன். நீரைக் கெட்டிப்படுத்தும் பொடி எதையும் நான் தரவில்லை, அது உங்கள் முடிவு.

உங்களிடம் கேட்பவை மூன்று. உணவுக்கும் நீருக்கும் தனித்தனியாக, ஐ.டி.டி.எஸ்.ஐ. அளவின் 0 முதல் 7 வரையிலான எண்ணில் பதத்தைக் குறிப்பிடுங்கள். 'மென்மையான உணவு' என்று மட்டும் எழுதினால் ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு பொருள் ஆகிவிடும். கேழ்வரகுக் கூழையே எடுத்துக்கொள்ளுங்கள், சூட்டில் ஓடும், ஆறினால் கட்டியாகும், எச்சில் ஸ்பூனை மீண்டும் கிண்ணத்தில் விட்டால் நீர்த்துப்போகும். இரண்டாவதாக, தாடையைத் தாழ்த்தி விழுங்குவதோ, தலையை ஒரு பக்கம் திருப்புவதோ இவருக்கு உதவுமா என்று பார்த்து மனைவிக்குப் பழக்கிக் கொடுங்கள். மூன்றாவதாக, வாய்வழி உணவு மட்டும் போதாது என்று கருதினால் தயங்காமல் சொல்லுங்கள். மருத்துவரும் நீங்களும் நானும் குடும்பத்தாருடன் உட்கார்ந்து தற்காலிகக் குழாய் உணவைப் பற்றிப் பேசலாம். முந்தைய குழாய் அனுபவத்தால் அவர் அதை மிகவும் வெறுக்கிறார், எனவே நேரடியாக அந்தப் பேச்சைத் தொடங்க வேண்டாம்.

உங்கள் அறிக்கை கிடைத்த அன்றே உணவுத் திட்டத்தை எழுதித் தருகிறேன். காது நன்றாகக் கேட்கிறது, பேச்சு சற்றுக் குழறினாலும் புரிகிறது. பரிந்துரைக்கு அவரும் மனைவியும் சம்மதித்துள்ளனர். அவர் கேட்டது ஒன்றுதான்: காலையில் ஒரு டம்ளர் காப்பி. எந்தப் பதத்திலாவது அது முடியுமா என்று பார்த்துச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
இரா. கலைச்செல்வி
உணவியல் நிபுணர்

நகல்: பொது மருத்துவர், நோயாளியின் கோப்பு
இணைப்பு: ஒரு நாள் உணவுக் குறிப்பு, எடைப் பதிவு, மருந்துப் பட்டியல்